பில் போடச் சொல்கிறார்கள், ஆனால் லீவும் கேட்கச் சொல்கிறார்கள்: இது ஃப்ரீலான்ஸா, வேலையா?

"அண்ணா, நான் ஆம்பூர் பக்கம். ஷூ அப்பருக்கு கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டு, கிரேடிங் செய்து கொடுக்கிறேன். முன்பு ஒரு கம்பெனியில் நாலு வருஷம் சம்பளத்துக்கு இருந்தேன். இப்போ வீட்டிலிருந்து மூணு பேருக்குச் செய்கிறேன். தினம் ஆறு மணி நேர வேலை, மாசம் சுமார் 49,000 வருகிறது. அதில் 26,000 ராணிப்பேட்டையில் ஒரே பார்ட்டியிடமிருந்து. அவர்கள் இப்போ புது அக்ரிமெண்ட் கொடுத்திருக்கிறார்கள். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை அவர்கள் சிஸ்டத்தில் லாகினில் இருக்கணும், வாரம் ஆறு நாள். வேறு யாருக்கும் செய்யக் கூடாது, விட்டுப் போன பிறகும் ஒரு வருஷத்துக்கு ஆகாது. மாசம் 45,000, நான் பில் போடணும், பத்து பர்சென்ட் டிடிஎஸ். ஆனால் அக்ரிமெண்டில் 'சுயாதீன ஆலோசகர், ஊழியர் அல்ல' என்று போட்டிருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?"

தம்பி, இப்படியே போடாதீர்கள். இந்தக் காகிதத்தில் பெயர் ஃப்ரீலான்ஸ், உள்ளே இருப்பது வேலை. வேலைக்கான கட்டுப்பாடு முழுக்க உங்கள் மேல் வருகிறது, வேலைக்கான பாதுகாப்பு ஒன்றுகூட வரவில்லை. வேலூரில் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கிற வக்கீல் நான். இந்த மாதிரிக் காகிதம் இப்போது மாதம் ஒன்றாவது என் மேஜைக்கு வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இது கம்ப்யூட்டரோடு வந்த புதுச் சிக்கல் இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்போம். கம்பெனி இலையும் தூளும் கொடுக்கும், அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சுற்றிக் கொண்டுபோய்ப் போடுவார்கள், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. "இவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, வீட்டில் அவரவர் இஷ்டத்துக்குச் சுற்றுகிறார்கள்" என்று பீடி முதலாளிகள் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். அந்த வாதத்தை அடைக்கத்தான் 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுகிறவர்களையும் சேர்த்தே எழுதப்பட்டது. பிறகு பிஎஃப் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985இல் பி.எம். பட்டேல் வழக்கில் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: கம்பெனிக்காரன் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை என்றாலும், கொண்டுவந்த பீடியைத் தரம் பார்த்துக் கழிக்கிற உரிமை அவனிடம் இருக்கிறது, அந்தக் கட்டுப்பாடே போதும். வீட்டில் சுற்றியவர்களுக்கும் பிஎஃப் உண்டு என்று ஆயிற்று.

உங்கள் காகிதத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 'ஊழியர் அல்ல' என்ற வரி கேள்வியை முடித்துவிடாது. உண்மையில் என்ன நடக்கிறது, யார் யாரை எவ்வளவு கட்டுப்படுத்துகிறார்கள் என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் தேடும்.

சரி, குறிப்பிட்ட நேரம் கேட்டாலே அது வேலை ஆகிவிடுமா? ஆகாது. இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 1960-61இல், ஒரு வருஷத்துக்குள்ளேயே இரண்டு பீடி வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தன, இரண்டும் எதிரெதிராக. பிர்திசந்த் சர்மா வழக்கில் சுற்றுகிறவர்கள் ஃபாக்டரிக்கு இஷ்டப்பட்ட நேரத்துக்கு வரலாம், போகலாம். ஆனாலும் அவர்கள் தொழிலாளர்கள்தான் என்று தீர்ப்பு. வேலை ஃபாக்டரிக்குள் நடந்தது, தரம் சரியில்லாத பீடி கழிக்கப்பட்டது, தொடர்ந்து வராதவரை நீக்கும் அதிகாரமும் முதலாளியிடம் இருந்தது. சில மாதம் கழித்து வந்த சங்கர் பாலாஜி வஜே வழக்கில், சில நாள் வராவிட்டாலும் யாரும் கேட்கவில்லை, லீவு கேட்க வேண்டியதும் இல்லை. அவர் தொழிலாளி இல்லை என்று தீர்ப்பு. நேரம் இரண்டிலும் தளர்வாகவே இருந்தது. வித்தியாசம், வராமல் போனால் என்ன ஆகும் என்பதில்.

அதனால் நான் வருகிறவர்களிடம் முதலில் "எத்தனை மணிக்கு லாகின்?" என்று கேட்பதில்லை. "தாமதமானால் என்ன செய்வார்கள்?" என்றுதான் கேட்பேன். ஒரு பையர் டில்லியிலிருந்து தினம் பதினோரு மணிக்குக் கால் போடுகிறார், அந்த நேரம் நீங்கள் இருக்க வேண்டும் என்பது எந்த வியாபாரத்திலும் சகஜம். பத்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் பணம் பிடிப்பது வியாபாரம் இல்லை, அது வருகைப் பதிவேடு. உங்கள் அக்ரிமெண்டில் அபராதப் பத்தி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பின்னிணைப்பில் ஒளிந்திருக்கும்.

என்னிடம் வந்த ஒரு கேஸைச் சொல்கிறேன், ஆளும் கம்பெனியும் பெயரில்லாமல். ஒரு பெண், உங்களைப் போலவே மாதாமாதம் பில் போட்டுப் பணம் வாங்கியவர். இரண்டரை வருஷம் கழித்து ஒரு நாள் "நாளையிலிருந்து வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி வக்கீல் ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார், முப்பது பில்லையும் அடுக்கி வைத்தார். "பில் போட்டவர் எப்படி ஊழியர்?" என்பதுதான் அவர் வாதம் முழுவதும். நாங்கள் வைத்தது வாட்ஸ்அப் செய்திகள். அதில் ஒரு பொங்கல் வாரத்துச் செய்தி இப்படி: "சார், 14, 15 ரெண்டு நாள் லீவு வேணும், ஊருக்குப் போறோம்." பதில்: "14 ஓகே. 15 வேலை இருக்கு. வரலைன்னா கட்." அந்த மாதப் பில்லில் அவர் தன் கைப்படவே ஒரு நாள் பணத்தைக் குறைத்துப் போட்டிருந்தார். ஒரு வியாபாரி தன் வாடிக்கையாளரிடம் லீவு கேட்பதில்லை, மறுக்கப்படுவதும் இல்லை. சமரச அலுவலர் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார். அதற்குப் பிறகு கம்பெனி பணம் கொடுத்து முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது.

அடுத்து, 'வேறு யாருக்கும் செய்யக் கூடாது'. இதுவும் தனியாக நின்றால் முடிவான சாட்சி இல்லை. 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சில்வர் ஜூபிலி தையல் கடை வழக்கில், தையல்காரர்கள் பீஸ் கணக்கில் தைத்தார்கள், சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைத்தார்கள், வேறு கடைக்குத் தைக்கவும் தடை இல்லை. அப்படியும் அவர்கள் கடையின் ஊழியர்கள்தான் என்று தீர்ந்தது. தையல் மெஷின் கடையுடையது, சரியில்லாத தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லும் உரிமையும் கடைக்காரருடையது. ஒருவர் இரண்டு முதலாளிகளுக்கு வேலை செய்யலாம், அதனால் அவர் வியாபாரி ஆகிவிட மாட்டார். ஆக, வேறு பார்ட்டி இருப்பது உங்களைத் தானாக ஃப்ரீலான்ஸர் ஆக்காது. அதே சமயம் வேறு பார்ட்டியைத் தடுக்கும்போது கம்பெனியின் வாதத்தில் மிச்சமிருந்த கடைசிக் காலும் உடைகிறது. ஏனென்றால் 1978இல் ஹுசைன்பாய் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் வைத்த அளவுகோல் வேறு: இந்த ஆளின் பிழைப்பு யார் கையில் இருக்கிறது, அவர் மறுத்தால் இவர் வேலையே இல்லாமல் நிற்பாரா என்று முகத்திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்றார்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நேரத்தைக் கட்டினால், இன்று எதை முதலில் செய்வது, எவ்வளவு வேகமாக முடிப்பது என்ற முடிவு உங்கள் கையை விட்டுப் போகிறது. நீங்கள் திறமையால் நாலு மணி நேரத்தில் முடித்தாலும் மிச்சம் ஐந்து மணி நேரம் அவர்களுடையது. வேறு பார்ட்டியைத் தடுத்தால் அந்த மிச்ச நேரத்தை விற்கவும் வழியில்லை. நஷ்டமோ லாபமோ உங்கள் முடிவால் வருகிற நிலையே இல்லாமல் போகிறது. லாபமும் நஷ்டமும் இல்லாத வியாபாரம் ஏது? அதனால்தான் இரண்டும் ஒரே காகிதத்தில் வந்தால் அதை மறைமுக வேலை என்கிறோம்.

உங்கள் கணக்கையே போடுவோம். இன்றைக்கு 49,000, தினம் ஆறு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 156 மணி நேரம். மணிக்கு 314 ரூபாய். புது ஏற்பாட்டில் சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி நேரம், 208 மணி நேரத்துக்கு 45,000. மணிக்கு 216 ரூபாய். கூடுதலாக 52 மணி நேரம் உழைத்து 4,000 குறைவாக வாங்குகிறீர்கள். மற்ற இரண்டு பார்ட்டிகளின் 23,000 ரூபாய் வரவை நீங்களே வெட்டிக்கொள்கிறீர்கள். இந்தக் கம்பெனி ஒரு மாதம் ஆர்டர் இல்லை என்று கையை விரித்தால் அந்த மாதம் பூஜ்யம்.

டிடிஎஸ்ஸையும் பாருங்கள். பத்து சதவீதம் என்றால் மாதம் 4,500, வருஷத்துக்கு 54,000. இதைத் தவிர வேறு வருமானம் உங்களுக்கு இல்லை என்றால், இப்போதுள்ள புதிய வரி முறையில் 5,40,000 ரூபாய்க்கு வரியே வராது. ரிட்டர்ன் போட்டால் பணம் திரும்பி வரும், ஆனால் அதுவரை உங்கள் 54,000 வெளியே நிற்கும். இதே தொகையைச் சம்பளமாகக் கொடுத்திருந்தால் வருஷ வரியைக் கணக்கிட்டுத்தான் பிடிக்க வேண்டும், அதாவது ஒன்றும் பிடிக்க மாட்டார்கள்.

பிஎஃப் விஷயத்தில் உங்களுக்குச் சாதகமான ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொதுவாக, 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் முதன்முதலாகச் சேருகிறவரைக் கம்பெனி பிஎஃபில் சேர்க்காமல் விடலாம். உங்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். நாலு வருஷம் சம்பளத்துக்கு இருந்தேன் என்கிறீர்கள். அப்போது பிஎஃப் பிடித்தார்களா, அந்தப் பணத்தை முழுக்க எடுக்காமல் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கணக்கு அப்படியே இருந்தால் நீங்கள் ஏற்கெனவே உறுப்பினர். புது இடத்தில் ஊழியராகச் சேரும்போது சம்பளம் எவ்வளவானாலும் தொடர வேண்டும். குறைந்தபட்சம் 15,000க்குக் கணக்கிட்டாலும் கம்பெனி பங்கு மாதம் 1,800, வருஷத்துக்கு 21,600. பழைய பே ஸ்லிப்பில் யுஏஎன் நம்பர் இருக்கும், இன்றே தேடி எடுத்து வையுங்கள்.

இதோடு 240 நாள் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு மாதத்துக்குள் 240 நாள் வேலை செய்த தொழிலாளியை, வேலை குறைந்துவிட்டது என்பது போன்ற காரணத்துக்காக நிறுத்த வேண்டுமென்றால் ஒரு மாத நோட்டீஸும், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளமும் கொடுக்க வேண்டும். வாரம் ஆறு நாள் என்றால் பத்து மாதத்துக்குள் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். பேட்டர்ன் போடுவது தொழில்நுட்ப வேலை, தொழிலாளி என்ற சட்ட வரையறைக்குள் வருகிற வேலை. 'சுயாதீன ஆலோசகர்' என்ற வரி முக்கியமாகத் தவிர்க்கப் பார்ப்பது இதைத்தான் என்பது என் அனுபவம்.

ஆனால் உங்களை ஏமாற்றவும் நான் விரும்பவில்லை. வழக்கு என்று போனால், "நான் ஊழியர்தான், இத்தனை நாள் வேலை செய்தேன்" என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல்தான். எல்லா நீதிமன்றமும் காகிதத்தைத் தூக்கி எறிந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2020இல் சுசீலாபென் காந்தி வழக்கில், ஒரு மருத்துவமனையோடு ஒப்பந்தம் போட்டிருந்த கண் டாக்டர் அதன் ஊழியர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அங்கே ஒப்பந்தத்தின் வாசகங்களுக்குப் பெரிய எடை கிடைத்தது. எந்த ஒரு சோதனையும் தனியாகப் போதாது, எல்லாவற்றையும் தராசில் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. படித்த, பேரம் பேசத் தெரிந்த ஆள் கண்ணைத் திறந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்ற வாதம் உங்களுக்கு எதிராகவும் வரும். அதனால்தான் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள் என்கிறேன்.

விட்டுப் போன பிறகும் ஒரு வருஷம் யாருக்கும் செய்யக் கூடாது என்ற பத்தி இருக்கிறதே, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவுப்படி ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தம் ஓடும் காலத்தில் 'எங்களுக்கு மட்டும்' என்பது செல்லும், அது 1967லேயே கோலிகரி வழக்கில் தீர்ந்த விஷயம். முடிந்த பிறகு அந்தக் கயிறு உங்களைக் கட்டாது. ஆனால் அவர்களுடைய பேட்டர்ன் ஃபைலைக் கொண்டுபோய் அடுத்தவருக்குக் கொடுத்தால் அது வேறு குற்றச்சாட்டு. அந்தப் பக்கம் போகவே கூடாது.

அப்புறம், என்ன பேசுவது? கம்பெனி உண்மையில் எதற்குப் பயப்படுகிறது என்று முதலில் யோசியுங்கள். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் ஒரே வெளிநாட்டு பையருக்குப் பக்கத்துப் பக்கத்து ஃபாக்டரிகள் சாம்பிள் போடுகின்றன. அடுத்த சீசன் ஸ்டைல் வெளியே கசிந்துவிடுமோ என்பதுதான் பெரும்பாலும் பயம். அதற்கு உங்கள் பிழைப்பு முழுவதையும் அடைக்கத் தேவையில்லை. 'இந்த பையரின் ஸ்டைலையும், லாஸ்ட் என்கிற ஷூ அச்சையும் ரகசியமாக வைப்பேன், ஒப்பந்தம் ஓடும்வரை அதே பையருக்கு வேறு ஃபாக்டரி வழியாகச் செய்ய மாட்டேன்' என்று எழுதிக் கொடுங்கள். அவர்கள் பயமும் தீரும், மற்ற இரண்டு பார்ட்டியும் உங்களிடமே இருப்பார்கள். இரண்டாவது பயம், சாம்பிள் ரூமில் சந்தேகம் வரும்போது ஆள் கிடைக்க மாட்டாரே என்பது. அதற்குத் தினம் இரண்டு மணி நேரம், உதாரணமாக 11 முதல் 1 வரை, போனில் கட்டாயம் இருப்பேன் என்று சொல்லுங்கள். மற்றதை ஸ்டைல் வாரியாகத் தேதி போட்டு ஒப்புக்கொள்ளுங்கள். மாதம் குறைந்தபட்சம் இவ்வளவு ஆர்டர் தருவோம், தராவிட்டாலும் அந்தத் தொகை உண்டு என்று ஒரு வரி கேளுங்கள். நேர்மையான ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தம் இப்படித்தான் இருக்கும்.

அவர்கள் "இல்லை, ஒன்பதரை முதல் ஆறரை வரை எங்களுக்கு மட்டும்தான் வேண்டும்" என்று நின்றால், அதுவும் நியாயமான தேவையாக இருக்கலாம். அதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: குறிப்பிட்ட கால வேலை, அதாவது ஃபிக்ஸட் டெர்ம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இது உண்டு. ஒரு வருஷத்துக்கு மட்டும் ஆள் வேண்டும் என்றால் அப்படி எடுக்கலாம், காலம் முடிந்ததும் அதோடு முடிந்துவிடும். கம்பெனிக்கு வேண்டிய தளர்வு கிடைக்கிறது. உங்களுக்கு பிஎஃப், லீவு, ஒரு வருஷம் முடித்தாலே கிராஜுவிட்டி. கிராஜுவிட்டிக்கு எடுக்கும் சம்பளம் 45,000இல் பாதி என்றே வைத்தாலும் 22,500ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் வருஷத்துக்குச் சுமார் 13,000 வருகிறது. அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் கொடுப்பதும் இப்போது கட்டாயம். அதைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

வீட்டுச் சூழ்நிலை காரணமாகக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றாலும், மூன்று விஷயங்களை முதல் நாளிலிருந்தே வையுங்கள். லீவு கேட்ட செய்தியும் அதற்கு வந்த பதிலும், தாமதத்துக்குப் பணம் பிடித்த பில், லாகின் நேரம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட். வாட்ஸ்அப்பில் Export chat கொடுத்து மாதம் ஒரு முறை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள், கம்பெனி மெயிலுக்கு வேண்டாம். போனை மாற்றினால் பழைய போனை விற்றுவிடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது அந்தச் செய்தி எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பெண் கேஸில், திரை உடைந்து மூலையில் கிடந்த பழைய போனிலிருந்துதான் அந்தப் பொங்கல் செய்தியை எடுத்தோம்.

இப்போதைக்கு அவர்களுக்கு இப்படி ஒரு மெயில் போடுங்கள்: "நேரம், வேறு வாடிக்கையாளர் தடை இரண்டும் வேண்டும் என்றால் ஃபிக்ஸட் டெர்ம் ஆர்டர் தாருங்கள். ஆலோசகராகவே வேண்டும் என்றால் இந்த இரண்டு பத்திகளையும் நான் அனுப்பியபடி மாற்றித் தாருங்கள்." பதில் எழுத்தில் வரட்டும். போனில் கூப்பிட்டு "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி தம்பி, போட்டுக் கொடுங்க" என்று சொன்னால், அன்றைக்கே "நீங்கள் போனில் இது சும்மா ஃபார்மாலிட்டி என்று சொன்னீர்கள்" என்று ஒரு வரி மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.